கிளம்பும்போது 5:44, மதுராந்தகத்தில் 6:23: மேப் காட்டும் நேரம் ஏன் நகர்கிறது

கேள்வி: "லீவு முடிஞ்சு ஞாயிற்றுக்கிழமை கார்ல சென்னை திரும்பினோம். திண்டிவனத்துல 4 மணிக்குக் கிளம்பும்போது தாம்பரத்துக்கு 5:44-னு மேப் காட்டுச்சு. எங்கேயும் நிக்காம அரை மணி நேரம் ஓட்டி மதுராந்தகம் வந்தா 6:23-ங்குது. மீதி நேரம் கிளம்பும்போது இருந்ததைவிட அதிகமாயிடுச்சு! இது முன்னாடியே தெரியாதா? எதை வெச்சுத்தான் கணக்கு போடுறாங்க?"

நீங்கள் கிளம்பிய நொடியில், செங்கல்பட்டைத் தாண்டிய சாலை உங்களுக்கு இன்னும் ஐம்பது நிமிடத் தொலைவில் இருந்தது. ஐம்பது நிமிடம் கழித்து அங்கே வண்டிகள் என்ன வேகத்தில் போகும் என்பதை யாரும் அளக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகத்துக்குச் செயலி பெரும்பாலும் பழைய ஞாயிற்றுக்கிழமைகளை நம்பியது. மதுராந்தகம் வந்தபோது அதே இடம் இருபது நிமிடத் தொலைவுக்கு வந்துவிட்டது, அதனால் பழைய கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு இப்போது அங்கே மாட்டியிருக்கும் வண்டிகளில் உள்ள போன்கள் சொல்வதை எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒத்துப்போகவில்லை, அதனால் நேரம் எகிறியது.

இதுதான் சுருக்கம். ஆனால் "முன்னாடியே தெரியாதா" என்று கேட்டிருக்கிறீர்களே, அதுதான் இதில் நல்ல கேள்வி. சரக்கு லாரிகளின் ஜிபிஎஸ் தரவை வைத்துப் போய்ச்சேரும் நேரத்தைக் கணிக்கும் வேலையில் நான் பல வருடங்களாக இருக்கிறேன். நீங்கள் வந்த ஜிஎஸ்டி சாலை எங்களை நிறையவே அலைக்கழித்திருக்கிறது, அதனால் உங்கள் பயணத்தையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் "பழைய ஞாயிற்றுக்கிழமைகள்" என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மேப்புக்குச் சாலை என்பது நீளமான ஒரே கோடு கிடையாது. ஒரு சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் நடுவே இருக்கும் சின்னச் சின்னத் துண்டுகளின் சங்கிலி அது. ஒவ்வொரு துண்டிலும் போன்கள் நகர்வதை வைத்து ஒரு வண்டி அதைக் கடக்க எத்தனை விநாடி எடுத்தது என்று கணக்கிடுகிறார்கள். கூகுள் இப்படி மக்களின் போன்களிலிருந்து வேகத்தைத் திரட்டத் தொடங்கியது 2009-இல். ஒரு வாரத்தை ஐந்து ஐந்து நிமிடமாக வெட்டினால் 2016 கட்டங்கள் வரும். கூடுவாஞ்சேரி அருகே ஒரு துண்டு, ஞாயிறு மாலை 5:10 முதல் 5:15 வரை என்ற கட்டம், அதில் கடந்த பல வாரங்களில் போன வண்டிகள் எடுத்துக்கொண்ட நேரம்: இதுதான் அந்தத் துண்டின் வழக்கம். ஒவ்வொரு துண்டுக்கும் இப்படி ஒரு வாராந்தர அட்டவணை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் கட்டத்தின் அளவு மாறும், அடிப்படை இதுதான்.

கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் அந்த அட்டவணையை நிரப்புவதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஜிபிஎஸ் புள்ளி சில மீட்டர் தள்ளித்தான் விழும், பிரதான சாலையையும் பக்கத்துச் சர்வீஸ் ரோட்டையும் பிரிக்கும் இடைவெளியும் அதே அளவுதான். அதனால் ஒற்றைப் புள்ளியைப் பார்த்து வண்டி எதில் போகிறது என்று சொல்ல முடியாது, அதற்கு முன்னும் பின்னும் வந்த புள்ளிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, எந்தப் பாதையில் போயிருந்தால் இவை எல்லாம் பொருந்தும் என்று தேட வேண்டும். தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே இன்னொரு சிக்கல், மின்சார ரயில் தண்டவாளம் பெரும்பாலும் சாலையை ஒட்டியே ஓடுகிறது. சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் நூற்றுக்கணக்கான போன்கள் மணிக்கு 60 கி.மீ.யில் பறந்து போகும். அவற்றைப் பிரிக்காவிட்டால் நெரிசலே இல்லை என்று மேப் சொல்லிவிடும். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களின் போன்கள் இதற்கு நேர் எதிர், அவை சாலையோரத்தில் பூஜ்ய வேகத்தில் கிடக்கும்.

அப்புறம் பைக்குகள். லாரிகளுக்கு நடுவே புகுந்து முன்னேறும் பைக்கின் வேகத்தைக் கார்க்காரருக்குச் சொன்னால் அவர் ஏமாந்துபோவார். 2020-இல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 போன்களை ஒரு கைவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்து, காலியான தெருவை மேப்பில் சிவப்பாக்கிக் காட்டினார். அதற்குப் பதில் சொன்னபோதுதான் இந்தியா, இந்தோனேசியா, எகிப்து போன்ற நாடுகளில் காரையும் பைக்கையும் பிரித்துப் பார்க்கும் வசதி தங்களிடம் இருப்பதாகக் கூகுள் சொன்னது. தரவு எங்கிருந்து வருகிறது, அது எவ்வளவு எளிதில் தடம் மாறும் என்பதை அந்தக் கைவண்டி அழகாகக் காட்டிவிட்டது.

சராசரி எடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது, நானே அதில் விழுந்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் எங்கள் கணிப்பு எப்போதும் உண்மை நேரத்தைவிடக் குறைவாகவே வந்தது. தேடித் தேடிப் பார்த்ததில், துண்டுகளின் வேகத்தைச் சராசரி எடுத்து வைத்திருந்தோம் என்று தெரிந்தது. ஒரு கிலோமீட்டரை ஒரு வண்டி மணிக்கு 60 கி.மீ.யில் கடந்தால் 1 நிமிடம், இன்னொரு வண்டி 10 கி.மீ.யில் கடந்தால் 6 நிமிடம். உண்மையான சராசரி நேரம் 3.5 நிமிடம். ஆனால் வேகங்களைச் சராசரி எடுத்தால் 35 கி.மீ., அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 1.7 நிமிடம்தான் வரும். பாதிக்குப் பாதி தப்பு. வேகம் ஏறி இறங்கும் சாலையில்தான் இந்தத் தப்பு பெரிதாகும், அதாவது கணிப்பு எங்கே ரொம்பத் தேவையோ சரியாக அங்கே. நேரங்களைத்தான் சராசரி எடுக்க வேண்டும். ஒரே வரி மாற்றம், ஆனால் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

சரி, அட்டவணை தயார். இப்போது உங்கள் பயணத்துக்கு வருவோம்.

துண்டுகளின் நேரத்தைக் கூட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இந்த நிமிடம் எல்லாத் துண்டுகளிலும் என்ன வேகம் இருக்கிறதோ அதை வைத்துக் கூட்டுவது ஒன்று, சாலை முழுவதையும் ஒரே நேரத்தில் போட்டோ எடுத்த மாதிரி. இன்னொன்று, ஒவ்வொரு துண்டையும் நீங்கள் தொடும் நேரத்துக்கு அங்கே என்ன வேகம் இருக்கும் என்று கேட்டுக்கொண்டே போவது. இரண்டாவதுதான் சரியான வழி. நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```
t = 0
for seg in route:
    t += seg.length / speed(seg, start + t)
```

கடைசி வரியில் இருக்கும் `start + t` தான் எல்லாமே. ஒரு துண்டில் தாமதமானால் `t` கூடும், `t` கூடினால் அடுத்த துண்டை வேறொரு நேரத்தில் தொடுவீர்கள், அந்த நேரத்தின் வேகம் வேறு.

நீங்கள் சொன்ன நேரங்களுக்கு ஒத்துவரும்படி எண்களைப் போட்டுப் பார்க்கிறேன். தூரங்களை ஏறக்குறைய வைத்திருக்கிறேன், வேகங்கள் ஞாயிறு மாலைக்கு நான் வைத்துக்கொண்ட மதிப்பு. திண்டிவனத்திலிருந்து மதுராந்தகம் 40 கி.மீ., மணிக்கு 80 கி.மீ. என்றால் 30 நிமிடம். அங்கிருந்து செங்கல்பட்டு 25 கி.மீ., 75 கி.மீ. வேகத்தில் 20 நிமிடம். செங்கல்பட்டிலிருந்து கூடுவாஞ்சேரி வரை 16 கி.மீ., அதை 4:50-க்குத் தொடுவீர்கள், அந்த நேரத்து வழக்கமான வேகம் 40 என்றால் 24 நிமிடம். கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் 12 கி.மீ., 5:14-க்குத் தொடுவீர்கள், அப்போது வழக்கமான வேகம் 24 என்றால் 30 நிமிடம். மொத்தம் 104 நிமிடம். 4 மணியோடு கூட்டினால் 5:44.

கவனியுங்கள், இதிலேயே செயலி உங்களுக்காக ஒரு நெரிசலை முன்கூட்டிச் சேர்த்துவிட்டது. 4 மணிக்குச் செங்கல்பட்டுக்கு அப்பால் 48 கி.மீ. வேகமும் கூடுவாஞ்சேரிக்கு அப்பால் 36 கி.மீ. வேகமும் இருந்தது என்றால், போட்டோ எடுக்கும் முறையில் அந்த இரண்டுக்கும் சேர்த்து 40 நிமிடம்தான் வந்திருக்கும், 5:30-க்கே தாம்பரம் என்று காட்டியிருக்கும். கூடுதலாக வந்த அந்த 14 நிமிடம், மாலை ஏற ஏற இந்தச் சாலை மந்தமாகும் என்று பழைய ஞாயிறுகள் சொல்லிக்கொடுத்த பாடம்.

இப்போது மதுராந்தகம், மணி 4:30. செங்கல்பட்டுக்கு அப்பால் இந்த நேரத்தில் வழக்கமாக 44 கி.மீ. வேகம் இருக்க வேண்டிய இடத்தில் போன்கள் 24 கி.மீ. என்கின்றன. வழக்கத்தில் ஏறக்குறைய 55 சதவீதம்தான். நீங்கள் அங்கே போய்ச் சேர இருபது நிமிடம்தான் இருக்கிறது, அதற்குள் நெரிசல் கரைய வாய்ப்பில்லை. 4:50-க்கான வழக்கம் 40, அதை அதே விகிதத்தில் குறைத்தால் 22 வரும், வேகம் இறங்கிக்கொண்டே இருப்பதால் இன்னும் கொஞ்சம் தட்டி 20 என்று வைக்கலாம். 24 நிமிடத்தில் கடக்க வேண்டிய 16 கி.மீ. இப்போது 48 நிமிடம். அதனால் கூடுவாஞ்சேரியை 5:14-க்குப் பதில் 5:38-க்குத் தொடுவீர்கள். அதற்குள் அங்கே மாலைக் கூட்டம் இன்னும் ஏறியிருக்கும், 24 கி.மீ. 16 ஆகிவிடும், 30 நிமிடம் 45 ஆகிவிடும். மீதி நேரம் 20, 48, 45, மொத்தம் 113 நிமிடம். 4:30-உடன் கூட்டினால் 6:23.

39 நிமிடம் எகிறியதில் 24 நிமிடம்தான் நேரடியாக அந்த நெரிசலால் வந்தது. மிச்சம் 15 நிமிடம், தாமதமாகப் போனதால் கடைசித் துண்டில் மேலும் மோசமான நேரத்தில் மாட்டுவதால் வந்தது. மாலை ஏறும் நேரத்தில் ஊருக்குள் நுழைபவர்களுக்கு மேப் நேரம் குட்டி போட்டுக்கொண்டே போவது இதனால்தான். இரவு ஒன்பதரைக்கு மேல் இதே சாலையில் வந்தால் தலைகீழாக நடக்கும், வழியில் பத்து நிமிடம் டீக்குடிக்க நின்றாலும் போய்ச்சேரும் நேரம் ஐந்து நிமிடம்தான் தள்ளியிருக்கும்.

செயலி எப்போது பழையதை நம்பும், எப்போது நேரலையை, அதாவது போன்கள் இந்த நிமிடம் சொல்வதை, நம்பும்? துண்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அடுத்த பத்து நிமிடத்தில் தொடப்போகும் துண்டுக்கு நேரலைக்குக் கிட்டத்தட்ட முழு மதிப்பு, இரண்டு மணி நேரம் கழித்துத் தொடும் துண்டுக்கு நேரலை ஏறக்குறைய பயனற்றது. இன்றைக்கு 2 மணிக்குத் தாம்பரத்தில் ஒரு பஸ் பழுதாகி நின்றிருந்தால் அது 4 மணிக்கும் அங்கேயே நிற்கும் என்று சொல்ல முடியாதே. கூகுள் மற்ற நிரலாளர்களுக்குத் தரும் சேவையின் ஆவணத்திலேயே இதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள்: கிளம்பும் நேரமான `departure_time` இப்போதைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு நேரலைப் போக்குவரத்துக்கு முக்கியத்துவம் கூடும். ஆக, நீங்கள் ஓட்டிக்கொண்டு முன்னேறும்போது ஒவ்வொரு துண்டும் பழைய கணக்கின் பிடியிலிருந்து நேரலையின் பிடிக்கு ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வருகிறது. இன்றைய நாள் வழக்கம்போல இருந்தால் இந்தக் கைமாற்றம் உங்கள் கண்ணுக்கே தெரியாது. நாள் வித்தியாசமாக இருந்தால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் நேரம் நகரும்.

இப்போது "முன்னாடியே தெரியாதா" என்பதற்கு வருகிறேன். 4 மணிக்கு நேரலையில் ஒன்றும் தெரியவில்லை, வழக்கம் 50, அப்போது இருந்தது 48, யாரும் பொருட்படுத்தாத வித்தியாசம். அரை மணி நேரத்தில் அது 24-க்கு விழுந்தது எப்படி?

சாலைக்கு ஒரு கொள்ளளவு உண்டு. ஒரு குறுகலான இடம் மணிக்கு 3000 வண்டிகளை விடும் என்று வையுங்கள். 2900 வண்டிகள் வந்தால் ஓட்டம் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். 3600 வந்தால் ஒரு மணி நேரத்தில் 600 வண்டிகள் மிச்சம் நிற்கும், கடைசியாக வந்து சேர்பவர் அந்த 600-உம் கழியும் வரை 12 நிமிடம் காத்திருக்க வேண்டும். அடுத்த மணி நேரமும் அதே 3600 வந்தால் 24 நிமிடம். கொள்ளளவுக்குக் கீழே இருக்கும்வரை வேகத்தை மட்டும் பார்த்தால் ஆபத்து தெரியாது, தாண்டிய பிறகோ காத்திருப்பு நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். இதில் இன்னொன்று, வரத்து குறைந்த பிறகும் நின்ற வரிசை கழியும்வரை நெரிசல் நீடிக்கும், "கூட்டமே இல்லையே, ஏன் நிக்குது" என்று நாம் கேட்பது அப்போதுதான்.

இதனால் பழைய தரவிலும் ஒரு கோளாறு வருகிறது. வரத்து 2900-ஆக இருந்த ஞாயிறுகளில் ஒரு துண்டில் 50 கி.மீ. வேகம், 3600-ஆக இருந்த ஞாயிறுகளில் 15 கி.மீ. வேகம். இரண்டையும் கலந்து எடுக்கும் சராசரி, எந்த ஞாயிற்றுக்கிழமையும் உண்மையில் நடக்காத ஒன்று. அதைச் சொல்லும் செயலி சாதாரண நாளில் கொஞ்சம் அதிகமாகச் சொல்லும், லீவு முடியும் நாளில் ரொம்பக் குறைவாகச் சொல்லும். லீவு முடியும் ஞாயிறுகளை மட்டும் தனியாகப் பிரித்துக் கற்றுக்கொள்ளலாமே என்றால், அவை வருடத்துக்கு எத்தனை வரும்? பொங்கல் லீவு ஒரு வருடம் வார இறுதியோடு ஒட்டும், அடுத்த வருடம் நடுவாரத்தில் விழும். தீபாவளி இன்னும் மோசம், தேதியும் கிழமையும் இரண்டும் மாறும். ஒவ்வொன்றுக்கும் நல்ல உதாரணம் இரண்டு மூன்றுதான் தேறும். எங்கள் குழுவில் நாங்கள் செய்தது, "நீண்ட விடுமுறையின் கடைசி நாள்" என்று எல்லாப் பண்டிகைகளையும் ஒரே வகையில் போட்டது. ஓரளவு உதவியது, முழுக்க இல்லை, ஏனென்றால் பள்ளி திறக்கும் நாள் எது என்பதைப் பொறுத்து கூட்டம் ஞாயிற்றிலிருந்து திங்கள் அதிகாலைக்கு நகர்ந்துவிடும்.

பழைய தரவு கூடக்கூட நல்லது என்றும் சொல்ல முடியாது. 2021 பிப்ரவரி நடுவில் தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டுகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அதற்கு முந்தைய பரனூர் டோல்கேட் தரவில் காசு கொடுத்துச் சில்லறை வாங்கிய வரிசைகள் பதிவாகியிருக்கும், இன்றைய கணிப்புக்கு அது விஷம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. தெற்கே போய்வரும் பேருந்துகள் அங்கே மாறிய பிறகு வண்டலூர் சுற்றுவட்டாரத்தின் வாராந்தர அட்டவணையையே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. 2020-இல் ஊரடங்கு வந்தபோது உலகம் முழுக்கவே பழைய கணக்கு செல்லாமல் போயிற்று. அப்போது கடந்த இரண்டு முதல் நான்கு வாரத் தரவுக்கு முன்னுரிமை கொடுத்து, அதற்கு முந்தையதன் எடையைக் குறைக்கும்படி மாற்றியதாகக் கூகுள் எழுதியது. ஆனால் நான்கு வாரத்தை மட்டும் நம்பினால் போன பொங்கலை மறந்துவிடுவீர்கள். இந்த இழுபறிக்கு எல்லாச் சாலைக்கும் பொதுவான தீர்வு என்று நான் இதுவரை ஒன்றையும் பார்த்ததில்லை.

ஒரு பெரிய முன்னேற்றம் நடந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் பக்கத்துத் துண்டுகளோடு சேர்த்துப் பார்ப்பது. 2020-இல் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டும் கூகுள் மேப்ஸும் சேர்ந்து இதை வெளியிட்டார்கள். போக்குவரத்தைப் பகிர்ந்துகொள்ளும் அடுத்தடுத்த துண்டுகளைச் சேர்த்து ஒரு பெருந்துண்டாக்கி, அதில் எந்தத் துண்டு எதோடு ஒட்டியிருக்கிறது என்ற வலைப்பின்னலையே, தரவிலிருந்து தானே கற்கும் நரம்பியல் வலையமைப்புக்குக் கொடுத்தார்கள். அது ஏன் உதவுகிறது என்றால், நெரிசல் பின்னோக்கி நகரும். கூடுவாஞ்சேரியில் வண்டிகள் நின்றால் வரிசையின் வால் மறைமலைநகர் பக்கம் வளரும், அப்புறம் சிங்கப்பெருமாள்கோவில் பக்கம். நெடுஞ்சாலை ஆய்வுகளில் இந்த அலை மணிக்கு 15 முதல் 20 கி.மீ. வேகத்தில் பின்னால் போவதாகப் பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் சிங்கப்பெருமாள்கோவிலில் இப்போது வேகம் நன்றாக இருந்தாலும், கூடுவாஞ்சேரியில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் அரை மணி கழித்து இங்கே என்ன நடக்கும் என்று ஓரளவு சொல்லலாம். துண்டை மட்டும் தனியாகப் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. சிட்னியில் இந்த முறை தப்பான கணிப்புகளை 40 சதவீதத்துக்கு மேல் குறைத்ததாக 2021-இல் வந்த ஆய்வுக்கட்டுரை சொல்கிறது. ஆனாலும் அலை கிளம்பிய பிறகுதான் அதைத் தொடர முடியும். 4 மணிக்கு அலையே இல்லை.

கடைசியாக ஒன்று, இதைத்தான் மக்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். திரையில் ஒரே எண்தான் வருகிறது, பின்னால் இருப்பதோ ஒரு பரவல். உங்களைப் போலவே கிளம்பிய 100 கார்களை எடுத்தால் சில 95 நிமிடத்தில் வந்திருக்கும், நிறைய 100 முதல் 110-க்குள், சில 150, ஒன்றிரண்டு 180. கீழே ஓர் எல்லை உண்டு, சாலை காலியாக இருந்தாலும் அதற்குமேல் வேகமாகப் போக முடியாது. மேலே எல்லை கிடையாது. நடுவில் இருக்கும் 104-ஐக் காட்டும்போது, கணிப்பு தப்பினால் குறைவது பத்து நிமிடம், கூடுவது ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். எப்போதும் மேப் நேரம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை என்று எல்லோரும் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அதே கூகுள் சேவையில் `traffic_model` என்று ஓர் அமைப்பு உண்டு, `best_guess`, `optimistic`, `pessimistic` என்று மூன்றில் ஒன்றைக் கேட்கலாம். சாதாரணச் செயலியில் இந்தப் பெயர்களைப் பார்க்க முடியாது, ஆனால் கிளம்பும் நேரத்தை நாளைக்கு அல்லது அடுத்த ஞாயிற்றுக்கு மாற்றிப் பாருங்கள், ஒற்றை எண்ணுக்குப் பதிலாக "1 மணி 30 நிமிடம் முதல் 2 மணி 40 நிமிடம்" என்பதுபோல ஒரு வீச்சு வரும். விமானம், ரயில், கல்யாண முகூர்த்தம் என்று தவறவிட முடியாத எதற்கும் நான் அந்த மேல் எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஓட்டும்போது மீதி நிமிடத்தைப் பார்க்காதீர்கள், போய்ச்சேரும் கடிகார நேரத்தைப் பாருங்கள், அதுவும் நீங்கள் ஓட்டாமல் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். அது எப்படி நகர்கிறது என்பதே ஒரு தகவல். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடமாகச் சீராகத் தள்ளிக்கொண்டே போனால் வரிசை வளர்ந்துகொண்டிருக்கிறது, செயலி பின்னாலேயே துரத்துகிறது என்று அர்த்தம், இன்னும் தள்ளும் என்று எதிர்பார்க்கலாம். ஒரே தாவலில் இருபது நிமிடம் போய் அங்கேயே நின்றுவிட்டால் பெரும்பாலும் விபத்து அல்லது சாலை அடைப்பு, புதிய எண் ஓரளவு நம்பத் தகுந்தது. நேரம் தாவினால் பாதை மாறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், சில நேரம் நாம் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டிருப்போம், நெரிசலுக்கு அதில் பங்கே இருக்காது.

உங்கள் பயணத்தில் 4:30-க்கு வந்த 6:23-ஐயும் நான் முதல் வகையாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பேன், ஏனென்றால் அது எழுதப்பட்டபோது வரிசையின் வால் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. மதுராந்தகத்தில் செய்திருக்கக்கூடியது ஒன்றுதான்: மேப்பை முன்னால் தள்ளி, சிவப்புக் கோடு எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அது செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டதா, அந்தப் பக்கமே நிற்கிறதா என்று பத்து நிமிடம் விட்டு இன்னொரு முறை பார்ப்பது. வால் உங்களை நோக்கி வருகிறது என்றால் அங்கேயே சாப்பாட்டை முடித்துவிட்டு இரவு எட்டரைக்கு மேல் கிளம்புவதில், சாலையில் கழியும் நேரம் ஒரு மணியாவது மிச்சமாகும் என்பது ஜிஎஸ்டி சாலையில் என் அனுபவம். குழந்தைகளோ வயதானவர்களோ வண்டியில் இருந்தால் நான் அதைத்தான் செய்கிறேன்.